நீளமான விவரணை வீடியோ: வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்பதில்லை என்கிறார்கள். மூச்சா, வேகமா, மைக்கா?

மேட்டுக்காடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பாசன வரலாறு பற்றி வீடியோ செய்கிறேன். ஒவ்வொன்றும் 12 முதல் 15 நிமிடம் ஓடும். திரையில் நான் வருவதில்லை. பழைய புகைப்படங்கள், வரைபடங்கள், அணைக் காட்சிகள், அவற்றின் மேல் தொடர்ந்து என் குரல். அதனால் குரல் சரியில்லை என்றால் வீடியோவே சரியில்லை.

இரண்டு குறைகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒன்று, வாக்கியத்தின் முடிவு காதில் விழுவதில்லை. இன்னொன்று, பாதி வீடியோவுக்கு மேல் நான் எதற்கோ அவசரப்படுவது போல் இருக்கிறது. எனக்கே கேட்டால் தெரிகிறது. முதல் இரண்டு நிமிடம் நிதானமாக இருக்கிறேன், எட்டாவது நிமிடத்தில் குரல் கொஞ்சம் மேலேறி, வேகமும் கூடியிருக்கிறது. படிக்கும்போது மூச்சு வாங்குகிறது, ஆனால் நெஞ்சில் காற்று இல்லாதது போலவும் இல்லை.

யு.எஸ்.பி. மைக், படுக்கையறை, ஆடாசிட்டி. மின்விசிறியை நிறுத்திவிட்டு இரவில்தான் பதிவு செய்கிறேன். அடுத்த வீடியோவில் வரும் ஒரு வாக்கியத்தைக் கீழே தருகிறேன். இதை ஒருமுறைகூட நன்றாகச் சொல்ல முடியவில்லை.

"1925-ஆம் ஆண்டில் தொடங்கி 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட, 120 அடி வரை நீரைத் தேக்கக்கூடிய, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட மேட்டூர் அணை, காவிரி டெல்டாவின் குறுவைச் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டாலும், போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் அந்தத் தேதியில் திறக்கப்படுவதில்லை."

எங்கே சரிசெய்வது?

டைம்லைன்

நண்பரே, நான் எடிட்டர். விவரணைக் குரல்கள் நிறைய என் கையில் வருகின்றன. முதலில் வேகத்தை நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போக வேண்டாம். மூச்சுச் சத்தத்துக்கு Noise Gate போடுங்கள், எல்லா மூச்சும் போய்விடும். அப்புறம் Truncate Silence கொடுத்தால் இடைவெளிகள் ஒரே அளவாக வந்துவிடும். பத்து நிமிட வேலை. நடுவில் மூச்சு வாங்கினீர்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

புதுமுகம்

எனக்கும் இதே சந்தேகம்தான் அண்ணா. சட்டையில் மாட்டும் மைக் வாங்கலாமா, மேசையில் வைக்கும் மைக் வாங்கலாமா? 3000 ரூபாய்க்குள் எது நல்லது? நான் சமையல் வீடியோ செய்கிறேன், அடுப்புச் சத்தமும் சேர்ந்து வருகிறது.

அலைவரிசை

மைக் பற்றித் தனி இழை தொடங்குங்கள் தம்பி, அங்கே நன்றாகப் பதில் கிடைக்கும். இங்கே கேட்டிருப்பது வேறு.

மேட்டுக்காடு அவர்களுக்கு. நான் பல வருடம் வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தவன், இப்போது ஆவணப்படங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு குறையும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. உங்கள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள், "திறக்கப்படுவதில்லை". தமிழில் வினை கடைசியில் வருகிறது. நடந்ததா, நடக்கவில்லையா என்பதே அந்தக் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. மூச்சு தீர்ந்து போவதும் அதே இடத்தில். கேட்பவருக்குத் "திறக்கப்படுவது" வரைதான் எட்டியது என்றால், நீங்கள் சொன்னதற்கு நேர் எதிரான செய்தியோடு அவர் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார். பெயர்ச்சொல் ஒன்று மங்கினால் திரையில் இருக்கும் படத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வார். "இல்லை" மங்கினால் ஊகிக்க வழியே இல்லை.

அதனால்தான் நண்பர் டைம்லைன் சொன்ன Noise Gate-ஐ உங்கள் குரலுக்கு இப்போது போடவே வேண்டாம் என்கிறேன். அது ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வரும் சத்தத்தை மூடிவிடும். அதற்கு மூச்சும் தெரியாது, வினைமுற்றும் தெரியாது. உங்களிடம் மிக மெல்லியதாக வருவது வாக்கியத்தின் வால்தான். "-து", "-ல்லை" எல்லாம் மூச்சோடு சேர்ந்தே போய்விடும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய பதிவு ஒன்றை எடுத்து, ஒலியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வாக்கியத்தின் முதல் சொல் கஷ்டப்பட்டுக் கேட்கும் அளவில் நிறுத்துங்கள். அந்த அளவில் வினைமுற்றுகள் கேட்கின்றனவா என்று பாருங்கள். அலைவடிவத்தைப் பார்த்தாலும் தெரியும். வாக்கியத் தொடக்கம் தடிமனாகவும் முடிவு நூலாகவும் இருக்கும், அதற்கு அடுத்து மூச்சு இழுத்த சத்தம் ஒரு குட்டி மேடாக நிற்கும். மூச்சு மேடு வினையைவிட உயரமாக இருந்தால் நோய் இதுதான்.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள், மூச்சு வாங்குகிறது, ஆனால் நெஞ்சு காலியாகவும் இல்லை என்று. அதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். நீளமான வாக்கியத்தின் நடுவே காற்புள்ளி வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேல்நெஞ்சில் காற்றை நிரப்பிக்கொள்கிறீர்கள். பழைய காற்று வெளியே போகாமலே புதியது மேலே சேர்கிறது. நான்கைந்து வாக்கியத்தில் நெஞ்சு நிறைந்திருக்கும், ஆனாலும் மூச்சு முட்டும். தோள் ஏறும், கழுத்து இறுகும், குரல் மேலே போகும், எப்போது முடியும் என்று வேகமும் கூடும். எட்டாவது நிமிடத்து அவசரம் இங்கிருந்துதான் வருகிறது. இதற்கு மருந்து நிறைய இழுப்பது அல்ல. பத்தி முடிந்ததும் மிச்சக் காற்றை முழுக்க வெளியே விட்டுவிட்டு, ஒரு நொடி சும்மா இருந்தால் உடம்பே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த மூச்சில் தொடங்குங்கள்.

ஸ்ருதிப்பெட்டி

நான் பாட்டுக் கற்றுக்கொடுக்கிறேன். மூச்சின் கொள்ளளவைக் கூட்டாமல் இது சரியாகாது. காலையில் எழுந்ததும் தாழ்ந்த ஸ்தாயியில் "ஸா" பிடித்து எவ்வளவு நேரம் நிற்க முடிகிறதோ நில்லுங்கள். தினமும் சில விநாடி கூட்டுங்கள். சில மாதங்களில் இந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மூச்சை வயிற்றுக்கு எடுக்க வேண்டும், மார்புக்கு அல்ல. கீழ் விலாவில் கையை வைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் விரிய வேண்டும்.

அலைவரிசை

விலா விரிய வேண்டும் என்றது முழுக்கச் சரி, அந்தப் பயிற்சியை நானும் சொல்வேன். ஆனால் ஒரே மூச்சில் சொல்வதை நோக்கமாக வைக்க வேண்டாம் டீச்சர். பாட்டில் சங்கதி அறுபடக் கூடாது, அதற்கு நீண்ட மூச்சு வேண்டும். விவரணையில் கேட்பவருக்கும் இடைவெளி வேண்டும், எண்ணையும் ஆண்டையும் மனதில் வாங்கிக்கொள்ள. நீங்கள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் உங்கள் நுரையீரல் ஜெயித்துவிடும், அவருக்கு ஒன்றும் பதிந்திருக்காது.

ஸ்ருதிப்பெட்டி

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடைசி அசை வரை ஒரே கனத்தில் காற்றை விடுவதற்கு "ஸா" பயிற்சியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. நேரத்தை எண்ண வேண்டாம், முடிவில் குரல் நடுங்குகிறதா, சுருதி இறங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். இறங்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். அந்த நிறுத்தும் பழக்கம் பேச்சுக்கும் வரும்.

மேட்டுக்காடு

அலைவரிசை ஐயா, சோதனை செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. ஒலியைக் குறைத்தபோது "கட்டப்பட்ட", "கொண்ட" எல்லாம் கேட்கின்றன, வினைமுற்று மட்டும் காணவில்லை. சில இடங்களில் மூச்சு மேடு வினையைவிட இரண்டு மடங்கு உயரம்.

ஒரு கேள்வி. வாக்கியத்தை உடைக்கச் சொல்வீர்கள் என்று தெரியும். ஆனால் நான் எழுதும் நடை அப்படித்தான். சின்னச் சின்ன வாக்கியமாக்கினால் பள்ளிப் பாடம் படிப்பது போல் ஆகிவிடாதா? இன்னொன்று, எங்கே மூச்சு எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது என்று ஏதாவது கணக்கு உண்டா? காற்புள்ளியில் எடுத்தாலும் சில இடத்தில் துண்டாகக் கேட்கிறது.

அலைவரிசை

கண்ணால் படிக்கிறவர் வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகலாம். காதால் கேட்கிறவரால் முடியாது. உங்கள் வாக்கியத்தில் "மேட்டூர் அணை" என்ற பெயர் வருவதற்கு முன்னால் இரண்டு ஆண்டு, ஓர் உயரம், ஒரு கொள்ளளவு வந்துவிடுகின்றன. எதைப் பற்றிய எண் என்று தெரியாமலே நான்கு எண்ணைச் சுமந்துகொண்டு அவர் காத்திருக்கிறார். எனவே பெயரை முன்னால் கொண்டு வாருங்கள். எண்களை எழுத்தால் எழுதுங்கள். தாளில் "1934" நான்கு இலக்கம்தான், வாயில் அது "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு". எண்ணாகவே வைத்திருந்தால் எவ்வளவு மூச்சு வேண்டும் என்று கண் ஏமாந்துவிடும்.

நான் என்றால் இப்படி எழுதி வைத்துக்கொள்வேன். ஒற்றைக் கோடு நின்று போகிற இடம், மூச்சு எடுப்பதில்லை. இரட்டைக் கோட்டில்தான் மூச்சு.

மேட்டூர் அணையின் கட்டுமானம் / ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் தொடங்கி / முப்பத்து நான்கில் முடிந்தது. //
நூற்று இருபது அடி வரை நீரைத் தேக்கலாம். // அப்போது அணைக்குள் இருப்பது / ஏறத்தாழ தொண்ணூற்று மூன்றரை டி.எம்.சி. //
குறுவைச் சாகுபடிக்காக / ஜூன் பன்னிரண்டாம் தேதி அணையைத் திறப்பது வழக்கம். //
போதிய நீர் இல்லாத ஆண்டுகளில் / அந்தத் தேதியில் / திறப்பதில்லை. //

93.47 என்பதைத் திரையில் எழுத்தாகப் போடுங்கள், வாயில் மூன்றரை போதும். "திறக்கப்படுவதில்லை" என்பதைத் "திறப்பதில்லை" ஆக்கியது காரணத்தோடுதான். சொல் குறுகினால் "இல்லை" வரும்போது கையில் காற்று மிச்சம் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு கோடு போட்டிருப்பதும் அதற்காகவே.

நிறுத்தமும் மூச்சும் ஒன்றல்ல என்பதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஒற்றைக் கோட்டில் வாயை மூடாமல், காற்றை உள்ளே இழுக்காமல், அப்படியே பிடித்து நில்லுங்கள். முதலில் விசித்திரமாக இருக்கும். எல்லாக் காற்புள்ளியிலும் மூச்சு எடுப்பதால்தான் முன்பு சொன்ன அந்த நிரம்பல் வருகிறது.

துண்டாகக் கேட்பதற்கு வருவோம். "குறுவைச் சாகுபடி", "நீரைத் தேக்க", இந்த மாதிரி ஒற்று மிகுந்த இடங்களில் நிற்கவே கூடாது. ச், த் வந்துவிட்டது என்றால் நாக்கு அடுத்த சொல்லைத் தொட்டாகிவிட்டது என்று அர்த்தம். அங்கே மூச்சு எடுத்தால் "குறுவைச்" என்று தொங்கும். கட்டாயம் நிற்க வேண்டுமென்றால் ஒற்றை விட்டுவிட்டு "குறுவை" என்று நின்று, அப்புறம் "சாகுபடிக்காக" என்று தொடங்குங்கள். எழுத்தில் பிழையாகத் தெரியும், காதுக்கு அதுதான் சரி. என் வாசிப்புத் தாளில் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் ஒற்று இருந்தால் பேனாவால் அடித்துவிடுவேன்.

தாள் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மடியில் வைத்துப் படித்தால், பக்கத்தின் கீழ்வரிகளுக்கு வரும்போது தலை குனிகிறது, தொண்டை மடங்குகிறது, வாய் மைக்கை விட்டு இறங்குகிறது. பாதிப் பேருக்கு வால் மங்குவதில் இதற்கும் பங்கு உண்டு. கண் மட்டத்தில் வையுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். "போதிய", "பன்னிரண்டாம்" என்று தொடங்கும்போது வரும் காற்று மைக்கில் மோதாமல் போய்விடும்.

வாசிப்பாள்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்கிறேன். மணிக்கணக்கில் ஒரே குரல், பின்னணி இசையும் இல்லை, படமும் இல்லை. அதனால் வேகம் மாறினால் உடனே மாட்டிக்கொள்வோம்.

150 சொல் என்ற கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. "திறக்கப்படுவதில்லை" ஒரு சொல், "நீர்" ஒரு சொல். அறிவியல் பாடத்தில் 80 சொல்லே நிமிடத்தை நிரப்பிவிடும். நான் சொல்லை எண்ணுவதில்லை. முதல் பத்தியை நிதானமாக வாசித்து அது எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்வேன். நடுவில் களைப்பாகத் தோன்றினால் அதே பத்தியை மறுபடி வாசிப்பேன். நேரம் கணிசமாகக் குறைந்திருந்தால் அன்று நிறுத்திவிட வேண்டியதுதான், அல்லது கொஞ்சம் நடந்துவிட்டு வர வேண்டும். குரல் களைத்துவிட்டது என்பது நமக்குத் தெரிவதற்கு முன் கடிகாரத்துக்குத் தெரிந்துவிடும்.

நிறுத்தி மறுபடி தொடங்கும்போது குரலின் உயரம் ஒட்டாமல் போகும். அதற்கு ஆடாசிட்டியில் Punch and Roll Record இருக்கிறது, குறுக்குவழி `Shift+D`. தவறிய வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியத்தின் முடிவில் சுட்டியை வைத்து அழுத்தினால், முன்னால் உள்ள 5 விநாடியைக் காதில் ஓட்டிக்காட்டிவிட்டு அங்கிருந்து பதிவு தொடங்கும். உங்கள் பழைய குரலைக் கேட்டுக்கொண்டே அதன் வேகத்திலேயே சேர்ந்துகொள்ளலாம். ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் அந்தக் குரலும் பதிவில் நுழையும். ஒட்டும் இடத்தை மட்டும் வாக்கியத்தின் நடுவில் வைக்காதீர்கள். ஒரு சொல் தவறினாலும் முழு வாக்கியத்தையும் திரும்ப வாசியுங்கள்.

பனங்கூடல்

நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில் இருக்கிறேன். எங்கள் ஊர்க் கோயில்கள் பற்றிய வீடியோக்களுக்கு நானே குரல் கொடுக்கிறேன். எனக்கு மூச்சில் பிரச்சினை இல்லை. "காற்று", "வெற்றி", "கிணற்றில்" என்று சொல்லும்போது தமிழ்நாட்டுப் பார்வையாளர்கள் சிலர் உச்சரிப்புப் பிழை என்று எழுதுகிறார்கள். நாங்கள் ற்ற என்பதை நாக்கின் நுனியை மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, அழுத்தித்தான் சொல்வோம். அவர்கள் அதில் ஒரு ர சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி பொதுவான உச்சரிப்பு ஒன்றை வைத்துக்கொள்ள வேணுமோ?

வாசிப்பாள்

உங்களுடையது பிழையே இல்லை. மாற்றினால் ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போது இயல்பு கெட்டுவிடும், நடுவில் மறந்து இரண்டும் கலந்தால் இன்னும் மோசம். ஒரு வீடியோவுக்குள் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்பது என் கருத்து.

உச்சரிப்பில் எது கட்டாயம் என்றால், பொருள் மாறும் இடம்தான். மேட்டுக்காடு அவர்களின் வேளாண்மை வீடியோக்களுக்கு இது நிறைய வரும். "களை எடுத்தார்கள்", "உழவர்", "வெள்ளம்", "ஆழம்". ள வந்தால் நாக்கு மடங்கி மேலண்ணத்தைத் தொட்டுவிட வேண்டும். ழ வந்தால் அதே மடிப்பு, ஆனால் தொடக் கூடாது. வேகம் கூடும்போது முதலில் கெடுவது இதுதான், ழ மெல்ல ள ஆகிவிடும், "உழவுத் துறை" "உளவுத் துறை" ஆகும். ழவைத் தனியாக நூறு தடவை சொல்லிப் பழகிப் பயனில்லை. அது வரும் வாக்கியத்தையே பாதி வேகத்தில் சொல்லி, மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். எந்த வேகத்தில் நாக்கு தொட ஆரம்பிக்கிறதோ, உங்கள் விவரணையின் வேகம் அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

பனங்கூடல்

நன்றி அக்கா. ஒரே மாதிரி என்பது சரிதான். எண்டாலும் தமிழ்நாட்டுக் கோயில் பற்றிச் சொல்லும்போது என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

கீழவீதி

அதற்கும் உங்கள் உச்சரிப்பே இருக்கட்டும். ஊர்ப் பெயரை மட்டும் அந்த ஊர்க்காரர் யாரையாவது சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில் இருப்பதும் ஊரார் சொல்வதும் பல இடங்களில் வேறு வேறு.

எனக்கு அலைவரிசை ஐயாவிடம் ஒரு மறுப்பு உண்டு. அவர் உடைத்துக் கொடுத்த நடை செய்தி வாசிப்புக்குப் பொருந்தும். வரலாற்றுக் கதையில் நீண்ட வாக்கியத்துக்கு ஓர் ஓட்டம் உண்டு. "தொடங்கி", "கடந்து", "சேர்ந்து" என்று வினையெச்சமாக அடுக்கிக்கொண்டே போய் ஒரு முற்றில் இறக்கும்போது வரும் சுகம் குட்டி வாக்கியங்களில் வராது. கதை சொல்லும் பாட்டிமார்கள் அப்படித்தானே சொன்னார்கள்?

அலைவரிசை

அதில் எனக்கும் மறுப்பில்லை, வினையெச்ச அடுக்கு வேறு வகை. "மலையில் பிறந்து, காட்டைக் கடந்து, சமவெளியில் இறங்கி" என்றால் ஒவ்வொரு துண்டும் தானாகவே முடிகிறது. நடந்தது ஒவ்வொன்றாகக் காதில் இறங்கிவிடுகிறது, எங்கே வேண்டுமானாலும் மூச்சு எடுக்கலாம். சிக்கல் பெயரெச்ச அடுக்கில்தான். "முடிக்கப்பட்ட, தேக்கக்கூடிய, கொள்ளளவு கொண்ட" என்று போகும்போது எல்லாம் பின்னால் வரப்போகும் பெயருக்காகக் காத்திருக்கின்றன. மூச்சு எடுத்தாலும் நெருக்கம் குறையாது. பாட்டிமார்களின் கதையில் பெயரெச்ச அடுக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், மிகக் குறைவு.

டைம்லைன்

Noise Gate பற்றி ஐயா சொன்னதை என்னிடம் இருந்த ஒரு பழைய குரலில் சோதித்தேன். வால் வெட்டுப்படுவது உண்மை. அதனால் மூச்சை இப்படிக் கையாளலாம். மூச்சு மேட்டை மட்டும் தேர்ந்தெடுத்து Amplify-இல் `-10` கொடுங்கள். மூச்சு இருக்கும், ஆனால் பின்னால் போய்விடும். முழுக்க அழித்துவிட்டால் அந்த இடத்தில் அறையின் இரைச்சலும் சேர்ந்து காணாமல் போய், ஒரு குழி விழுந்த மாதிரி கேட்கும். அழித்தே ஆக வேண்டும் என்றால், பதிவு தொடங்கும் முன் அறையின் அமைதியைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து வைத்திருந்து அதை அங்கே ஒட்டுங்கள்.

Compressor போடுகிறவர்கள் இந்த வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அது பெரிய சத்தத்தை அடக்கி மொத்தத்தையும் உயர்த்தும்போது மூச்சும் கூடவே எழுந்து வரும்.

Truncate Silence-ஐ மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு விநாடிக்கு மேல் உள்ள இடைவெளிகளுக்கு மட்டும் போட்டால் நேரம் மிச்சம்.

வாசிப்பாள்

பத்திக்கும் பத்திக்கும் இடையில் வேண்டுமென்றே விட்ட இரண்டு விநாடியை அது எப்படிப் பிரித்தறியும்? நான் கையால்தான் வெட்டுகிறேன்.

டைம்லைன்

15 நிமிட வீடியோவுக்குக் கையால் வெட்டலாம். வாரத்துக்கு நான்கு வீடியோ முடிக்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

மேட்டுக்காடு

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதிக் கொடுத்த வடிவத்தில் அந்தப் பகுதியை மறுபடி பதிவு செய்தேன். ஒலியைக் குறைத்துக் கேட்டால் "திறப்பதில்லை" இப்போது முழுசாகக் கேட்கிறது. ஒற்றைக் கோட்டில் மூச்சு எடுக்காமல் நிற்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. "குறுவைச் சாகுபடிக்காக" என்று நின்றதும் என்னை அறியாமல் வாய் திறந்து கொஞ்சம் இழுத்துவிடுகிறது. பத்தி முடிவில் காற்றை வெளியே விடுவது உடனே பலன் தந்தது. பாதி வீடியோவைத் தாண்டியும் தோள் இறங்கியே இருந்தது.

வேறு ஒரு சிக்கல் வந்திருக்கிறது. நிறுத்தி நிறுத்திச் சொன்னதில் குரல், காட்சியைவிட நீண்டுவிட்டது. முன்பு வெட்டி வைத்த படங்கள் முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருக்கிறேன். குரலைக் குறைப்பதா, படத்தைக் கூட்டுவதா?

இன்னொரு சின்னக் கேள்வி. மூக்கால் மூச்சு எடுக்க வேண்டுமா, வாயாலா? மூக்கால் எடுத்தால் உறிஞ்சுகிற சத்தம் பதிவாகிறது.

அலைவரிசை

வாக்கியங்களுக்கு நடுவே நேரம் இருக்காது, எனவே வாயால்தான். கொட்டாவி வரப்போகும்போது தொண்டை திறக்குமே, அந்த நிலையில் வாயைத் திறந்து வைத்தால் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். உதட்டைக் குவித்து இழுத்தால்தான் சத்தம் வரும். பத்திகளுக்கு நடுவே நேரம் இருக்கும், அப்போது மூக்கால் எடுங்கள், வாய் காய்ந்து போகாது. வாய் காய்ந்தால் சொல்லுக்குச் சொல் "டிக் டிக்" என்று ஒட்டும் சத்தம் வரும். பதிவுக்கு உட்காரும் முன்பிருந்தே தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள், காபி வேண்டாம்.

ஒற்றைக் கோட்டில் இழுக்கிறது என்றால் அந்தத் துண்டின் கடைசி எழுத்தில் வாய் எந்த வடிவில் இருக்கிறதோ அதிலேயே நில்லுங்கள். "சாகுபடிக்காக" என்றால் வாய் ஆ போலத் திறந்த நிலையிலேயே நிற்கட்டும், அசைய வேண்டாம். வாய் மாறினால்தான் காற்று நுழைகிறது.

படத்துக்காகக் குரலைச் சுருக்க வேண்டாம். குரலை முதலில் முடித்து, அதை வைத்துப் படத்தை வெட்டுங்கள். ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது என்றால் வேகத்தைக் கூட்டாமல் ஒரு வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். இந்தப் பகுதியில் என்றால் ஆண்டுகள் இரண்டையும் திரையில் எழுத்தாகப் போட்டுவிட்டு முதல் வாக்கியத்தைப் பேசாமலே விடலாம்.

கீழவீதி

திரையைப் பார்க்காமல் வேலை செய்துகொண்டே கேட்கிறவர்கள்? என் வீட்டில் எல்லோரும் இந்த வகை வீடியோக்களைச் சமையலறையில் வைத்துக் கேட்கிறவர்கள்தான். ஆண்டு அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மேட்டுக்காடு

என் பார்வையாளர்களிலும் அப்படிப்பட்டவர்கள் நிறைய. முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு டி.எம்.சி. வாக்கியத்தை எடுத்துப் பார்க்கிறேன். கொள்ளளவைத் திரையில் போட்டுவிடலாம். வீடியோவின் பிற்பகுதியில் நீர்ப்பங்கீடு வரும்போது எப்படியும் அந்த எண்ணை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.